மணிக்கு ரூ.350 முதல்: ஒரு ஷேர்டு கிச்சன் விளம்பரத்தை எடைபோடுதல்

சென்னையின் தென்புறநகரில் உள்ள ஒரு ஷேர்டு கிச்சனின் விளம்பரத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வாசகங்களைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு எழுதும் கூடங்கள் வேறு ஊர்களிலும் உண்டு என்பதால், இந்த ஒரு கூடத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. வீட்டில் தொக்கு, பொடி, சத்துமாவு, கேக் செய்து விற்கிற ஒருவர் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டலாமா, கூடாதா? அந்த முடிவை எடுப்பதற்கு விளம்பரம் உதவுகிறதா என்பதுதான் என் கேள்வி.

விளம்பரம் சொல்வது இவ்வளவு. இரண்டு ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பர்னர் கொண்ட கமர்ஷியல் அடுப்பு. பொதுவாக ஒரு டில்டிங் கிரைண்டர், ஒரு பல்வரைசர், பெரிய மிக்ஸி, டெக் ஓவன், நான்கு கதவு ஃப்ரிட்ஜ், டீப் ஃப்ரீசர், பாக்கெட் சீல் செய்யும் இயந்திரம். பாத்திரங்களை நாமே கொண்டுவர வேண்டும். 24 மணி நேரமும் திறந்திருக்கும். பகலில் காலை 6 முதல் இரவு 10 வரை நான்கு மணி நேர ஷிஃப்டுகள், இரவு 10 முதல் காலை 6 வரை ஒரே ஷிஃப்ட். கட்டணம் மணிக்கு ரூ.350 முதல், மின்சாரம் உட்பட, கேஸ் தனி, ஜி.எஸ்.டி. தனி. மாதம் குறைந்தது 20 மணி நேரம் எடுக்க வேண்டும். பொருள் வைக்கப் பூட்டுள்ள ரேக் மாதம் ரூ.1,500. திருப்பித் தரும் முன்பணம் ரூ.15,000. சுகாதார விதிகள்: தொப்பி, ஏப்ரன் கட்டாயம், பணியாளருக்கு மருத்துவச் சான்று வேண்டும், சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வெட்டுப்பலகை, கத்தி, கடைசி 15 நிமிடத்தில் சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும், நேரம் மீறினால் ஒரு மணி நேரக் கட்டணம்.

முதலில் இதன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். விலையை வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். “தொடர்புகொள்ளுங்கள்” என்று மட்டும் எழுதி, வருகிறவரின் அவசரத்தைப் பார்த்து விலை சொல்லும் இடங்களைவிட இது மேல். மருத்துவச் சான்று கேட்பதும் சரியே. உணவைக் கையாள்பவருக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை என்பது உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் நான்காம் அட்டவணையில் உள்ள விஷயம். பலர் அதைக் கேட்பதே இல்லை. பூட்டுள்ள ரேக் என்பதும் அனுபவப்பட்டவர் எழுதிய வரிதான். பொதுக்கூடத்தில் நம் எண்ணெய் டின் குறைவது சிறு விஷயம்போலத் தோன்றும். ஆனால் யாரோ நம் டின்னைத் திறந்தார்கள் என்றால், அதற்குப் பிறகு அதில் இருப்பது என்ன என்று நமக்குத் தெரியாது.

இனி விலைக்கு வருவோம். விலையைத் தனியாக நிறுக்க முடியாது. ஒரு சரக்கைச் செய்துபார்த்தால்தான் தெரியும். தக்காளித் தொக்கை எடுத்துக்கொள்வோம். 20 கிலோ தக்காளியை நல்லெண்ணெயோடு சுருள வதக்கினால் ஏறக்குறைய ஆறரை கிலோ தொக்கு கிடைக்கும். கால் கிலோ பாட்டிலாக 26. மீதி நீராவியாகப் போகிறது. 13 கிலோவுக்கு மேல் தண்ணீரை விரட்ட வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் நேரத்தையும் எரிவாயுவையும் தீர்மானிக்கிறது. அடுப்பின் வெப்பத்தில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்கு வெளியே போய்விடும் என்பதைக் கணக்கில் கொண்டால், இதற்கு ஏறக்குறைய 1.7 கிலோ எரிவாயு செலவாகும்.

“ரூ.350 முதல்” என்பதில் உள்ள ‘முதல்’ இரவு ஷிஃப்டுக்கானது. கேட்டால்தான் சொல்கிறார்கள்: பகலில் மணிக்கு 450. இரவு ஷிஃப்டைப் பிரித்துக் கொடுப்பதில்லை என்பதால் அங்கே எட்டு மணி நேரத்துக்கு 2,800 ரூபாய். பகலில் நான்கு மணி நேரத்துக்கு 1,800. மணிக்கணக்கில் மலிவான ஷிஃப்டில் கையைவிட்டுப் போகும் பணம் அதிகம். இரவில் ஒருவர் தனியாக எட்டு மணி நேரம் நின்று செய்யும் அளவுக்கு விற்பனை இருந்தால், அவர் இந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே புதிதாக வருபவருக்கு உண்மையான விலை 450 தான். விளம்பரம் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பகல் ஷிஃப்ட் 1,800; 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 2,124. சிறு விற்பனையாளர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவராக இருப்பதால் அந்த 324 ரூபாயை எதிலும் கழித்துக்கொள்ள முடியாது, அதுவும் செலவுதான். கேஸ் கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் 170. மாதம் ஐந்து ஷிஃப்ட் எடுப்பவருக்கு ரேக் வாடகை வரியோடு 1,770. ஒரு ஷிஃப்டுக்கு 354. கூட்டினால் 2,648 ரூபாய். 26 பாட்டிலுக்குப் பங்கிட்டால் பாட்டிலுக்கு 102. தக்காளி, எண்ணெய், மசாலா, கண்ணாடி பாட்டில், லேபிள் எல்லாம் சேர்ந்து 80 ரூபாய், உதவிக்கு வருபவர் கூலி 600 என்று வைத்துக்கொண்டால் ஒரு பாட்டிலின் அடக்கவிலை 205. அதைக் கடையில் 180க்குத்தான் விற்க முடியும் என்றால், ஒவ்வொரு பாட்டிலிலும் 25 ரூபாய் நஷ்டம்.

இத்தோடு நிறுத்தினால் கூடம் கொள்ளை விலை சொல்கிறது என்று தீர்ப்பெழுதிவிடலாம். அது நியாயமாகாது. அதே ஷிஃப்டில் 40 கிலோ தக்காளியைச் செய்துபார்ப்போம். கேஸ் 340 ஆகிறது. ஷிஃப்ட் கட்டணமும் ரேக்கும் மாறவில்லை. மொத்தம் 2,818; பாட்டில் 52. கூடத்தின் செலவு பாட்டிலுக்கு 54, கூலி 12 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. அடக்கம் 146. இப்போது பாட்டிலுக்கு 34 ரூபாய் கையில் நிற்கிறது. அதே கூடம், அதே விலை. ஒரு ஷிஃப்டில் எவ்வளவு இறக்க முடிகிறது என்பது ஒன்றுதான் மாறியிருக்கிறது.

ஆகவே நாம் விளம்பரத்திடம் கேட்க வேண்டியது, “மணிக்கு எவ்வளவு?” என்பதல்ல, “நான்கு மணி நேரத்தில் இங்கே 40 கிலோ இறங்குமா?” என்பது. அதற்கான பதில் விலைப்பட்டியலில் கிடைக்காது. கருவிகளின் பட்டியலில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டியலில் பெயர்கள் மட்டுமே உள்ளன. மூன்று பர்னர் அடுப்பு என்கிறது. பர்னர்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று சொல்லவில்லை. தொக்கு கொதிக்கும்போது தெறிக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. தண்ணீர் சீக்கிரம் வற்ற வாய் அகன்ற உருளி வேண்டும். 40 கிலோவை மூன்றாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் முப்பது லிட்டராவது கொள்ளும் மூன்று உருளிகள். அவை அகலமானவை என்பதால், பர்னர்கள் நெருக்கமாக இருந்தால் மூன்றையும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏற்ற முடியாது. இரண்டு ஏறும், மூன்றாவது காத்திருக்கும். அப்போது ஷிஃப்ட் நான்கு மணி நேரத்தில் முடியாது. இந்த ஒரு அளவு தெரியாமல் மேலே போட்ட கணக்கு இரண்டில் எது நமக்குப் பொருந்தும் என்று சொல்ல வழியில்லை. மிக்ஸியின் ஜாடி எத்தனை லிட்டர் என்பதும் அப்படித்தான். ஐந்து லிட்டர் ஜாடி என்றால் 40 கிலோவை முக்கால் மணி நேரத்தில் அரைத்துவிடலாம்; இரண்டு லிட்டர் என்றால் அரைப்பதிலேயே ஷிஃப்டில் ஏறக்குறைய பாதி போய்விடும்.

பட்டியலில் பெயரே இல்லாத ஒரு கருவி இன்னும் முக்கியம்: கழுவும் தொட்டி. தேய்க்க, அலச, கிருமிநீக்க என்று மூன்று தொட்டிகள் இருக்கின்றனவா, முப்பது லிட்டர் உருளி அதில் படுக்குமா, வெந்நீர் வருமா, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவைக்கும் கிரீஸ் டிராப் வடிகாலில் உண்டா? அடிப்பிடித்த மூன்று உருளிகளை வீட்டுச் சமையலறை அளவுத் தொட்டியில் கழுவுகிறவர் தரையில் வைத்துத்தான் கழுவுவார். அந்தத் தண்ணீர் தரையெங்கும் தெறிக்கும். பக்கத்து ஸ்டேஷனில் ஒருவர் கேக்குக்கு மாவு கலந்துகொண்டிருப்பார். அடுப்புகளையும் ஓவனையும் பளபளவென்று படமெடுத்துப் போட்டவர்கள் தொட்டியின் படத்தைப் போடவில்லை. நேரில் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

இனி நேரம். 40 கிலோவுக்கு ஒரு ஷிஃப்டை நிமிடக் கணக்கில் ஓட்டிப்பார்க்கலாம். காலை 10 மணிக்கு உள்ளே போனால், முந்தையவர் விட்டுப்போன நிலையைப் பார்த்து மேடையைத் துடைத்துத் தொடங்க 20 நிமிடம். கழுவி அரைக்க 50. அடுப்பில் 100 நிமிடம். இந்த இடைவெளியில் பாட்டில்களை ஓவனில் வைத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். சூடான தொக்கைச் சூடான பாட்டிலில்தான் நிரப்ப வேண்டும். ஆறிய பாட்டிலில் ஊற்றினால் கண்ணாடி விரியும், கிருமியும் தங்கும். நிரப்பி மூட 40 நிமிடம். இப்போது மணி 1.30. உருளி கழுவி, மேடை, அடுப்பு, தரை எல்லாம் துடைத்து முடிக்கக் குறைந்தது 40 நிமிடமாகும். நிரப்பத் தொடங்கும்போதே உதவியாளர் கழுவத் தொடங்கினால் 2 மணிக்குள் வெளியேறலாம். ஒருவரே என்றால் முடியாது.

கணக்கு இப்படி மயிரிழையில் நிற்பதால்தான் “கடைசி 15 நிமிடத்தில் சுத்தம்” என்ற வரி எனக்குப் பிடிக்கவில்லை. சுத்தம் என்பது ஒட்டியிருப்பதைச் சுரண்டி, சோப்பால் தேய்த்து, அலசி, குளோரின் கலந்த நீரில் கிருமிநீக்கி, காற்றில் உலரவிடுவது. எண்ணெயும் பிசுக்கும் போகாத பரப்பில் குளோரின் வேலை செய்யாது. அதனால் முதல் படிகளைத் தாண்டிக் கடைசிப் படிக்குப் போக முடியாது. இதைப் 15 நிமிடத்தில் செய்ய முடியாது என்று கூடத்தை நடத்துபவருக்கும் தெரியும். ஆனாலும் விதி அப்படி எழுதப்பட்டிருப்பதால், பயன்படுத்துகிறவருக்கு இரண்டே வழி: அரைகுறையாகத் துடைத்துவிட்டுப் போவது, அல்லது நேரம் மீறி வரியோடு 531 ரூபாய் கட்டுவது. 531 ரூபாய் என்பது 52 பாட்டில் செய்தவருக்குப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் லாபத்தைத் தின்றுவிடும். 26 பாட்டில் செய்தவருக்குப் பாட்டிலுக்கு இன்னும் இருபது ரூபாய் நஷ்டம். பெரும்பாலானோர் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். விதியே அங்கே தள்ளுகிறது. அப்படி விட்டுப்போனதைத் துடைக்கும் 20 நிமிடம் அடுத்து வருபவரின் காசில் கழிகிறது.

ஷிஃப்டுகளுக்கு இடையே அரைமணி நேரம் காலியாக விட்டு, அந்த நேரத்தில் கூடத்தின் ஆளே மேடையையும் தரையையும் பொதுக் கருவிகளையும் சுத்தம் செய்து கையெழுத்திட்டு ஒப்படைத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஒரு நாளில் கூடம் சில மணி நேர வருமானத்தை இழக்கும். அதற்காக மணிக்கு 30, 40 ரூபாய் கூட்டினாலும் தொக்குக்காரருக்கு லாபமே. விளம்பரத்தில் மணிக்கட்டணம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இந்த இடைவெளி விடப்படுவதில்லை.

“24 மணி நேரம்” என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மதியச் சாப்பாடு கட்டி அனுப்புகிறவர் 11.30க்குள் வெளியேற்றியாக வேண்டும்; அவருக்கு 6 முதல் 10 வேண்டும், அதன் தொடர்ச்சியாக 10 முதல் 2 வரையும் பாதி வேண்டும். பத்து மணிக்கு ஷிஃப்ட் முறிகிறது. இரண்டே ஸ்டேஷன் உள்ள கூடத்தில் காலை நேரத்துக்குத்தான் போட்டி. எந்த ஷிஃப்ட் இப்போது காலியாக இருக்கிறது என்று சொல்லாத நேரப்பட்டியலால் பயனில்லை.

சுகாதார விதிகளில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. சைவம், அசைவம் என்ற பிரிவை விளம்பரம் கவனமாகச் செய்கிறது. வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி அதுதான் என்பதால் அது வேண்டியதே. ஆனால் அந்த ஒரு பிரிவோடு நின்றுவிடுகிறது. வெட்டுப்பலகையை மாற்றலாம், கத்தியை மாற்றலாம். பல்வரைசர் ஒன்றுதானே இருக்கிறது?

பல்வரைசரின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். உள்ளே சுழலும் சுத்தியல்கள் தானியத்தை அடித்து நொறுக்கும், கீழே சல்லடை, அரைந்த மாவு காற்றோடு சேர்ந்து ஒரு துணிப்பையில் போய் விழும். காற்று துணியின் வழியே வெளியேற, மாவு உள்ளே தங்கும். இந்த இயந்திரத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது. ஈரம் பட்டால் அடுத்து அரைக்கும் மாவு கட்டிதட்டும், மூலைகளில் பூஞ்சை பிடிக்கும். சல்லடையைக் கழற்றி பிரஷ்ஷால் தட்டுவதும், அரிசியைக் கொஞ்சம் போட்டு ஓட்டி அதைக் கொட்டிவிடுவதும்தான் வழக்கமான சுத்தம். மிளகாய் அரைத்த பிறகு மல்லி அரைப்பவருக்கு அது போதும். ஆனால் காலையில் ஒருவர் வேர்க்கடலைப் பொடி அரைக்கிறார், பத்து மணிக்கு இன்னொருவர் குழந்தைகளுக்கான சத்துமாவு அரைக்கிறார் என்றால் அது போதவே போதாது. துணிப்பையின் நூலிழைகளுக்குள் வேர்க்கடலையின் எண்ணெயும் துகளும் ஊறியிருக்கும். அரிசி போட்டு ஓட்டினால் சுத்தியலும் சல்லடையும் ஓரளவு சுத்தமாகும், பை ஆகாது.

வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், பால், முட்டை, மீன், சோயா, குளூட்டன் உள்ள கோதுமை போன்ற தானியங்கள் எல்லாம் ஒவ்வாமை தரக்கூடியவை என்று 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் பட்டியலிடுகின்றன. பொருளில் அவை இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். தயாரிக்கும் இடத்தில் தவறிக் கலந்திருக்கலாம் என்றால் அதையும் குறிப்பிட அந்த விதிகளில் இடமிருக்கிறது. ஆனால் எது கலந்திருக்கலாம் என்று எழுத, நமக்கு முன்னால் அந்த இயந்திரத்தில் எது அரைபட்டது என்று தெரிய வேண்டுமே! வீட்டில் சொந்த மிக்ஸியில் அரைக்கிறவருக்கு அது தெரியும். பொதுக்கூடத்தில் அரைக்கிறவருக்கு, கூடம் ஒரு பதிவேடு வைத்தால் ஒழியத் தெரியாது. தேதி, நேரம், அரைத்த பொருள், பை மாற்றப்பட்டதா, கையெழுத்து: இத்தனை கட்டங்கள் போதும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நேரில் கேட்டபோதும் அப்படி ஒரு நோட்டு இருப்பதாகச் சொல்லப்படவில்லை.

சிறுதானிய மாவை “குளூட்டன் இல்லாதது” என்று விற்க நினைப்பவருக்கு இங்கே வழியே இல்லை. அப்படி எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. ஒரு டன்னுக்கு 20 கிராம். கோதுமை அரைத்த அதே பல்வரைசரிலும் அதே பையிலும் அந்த அளவைக் காக்க முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சொந்தத் துணிப்பையும் சல்லடையும் கொண்டுவருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அது வேர்க்கடலை விஷயத்தில் நிலைமையைக் கொஞ்சம் தேற்றும். இயந்திரத்தின் உடம்புக்குள் தங்கும் மாவுக்கு அது பதிலில்லை.

விதிகள் எல்லாமே வாடகைக்கு வருபவரை நோக்கியே பேசுவதையும் கவனிக்க வேண்டும். தொப்பி போடு, சுத்தம் செய், சான்று கொண்டுவா. கூடம் என்ன செய்யும்? தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, பூச்சி மருந்து எப்போது அடிக்கப்பட்டது, ஃப்ரிட்ஜின் வெப்பநிலையை யார் பார்த்து எழுதுகிறார்கள்? நான்கு கதவு ஃப்ரிட்ஜ் ஐந்து டிகிரிக்குள் நிற்க வேண்டும். நான்கைந்து பேர் பகிர்கிற இடத்தில், ஒருவர் ஆறாத சாம்பாரைப் பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் மற்றவரின் பன்னீர் கெடும். அந்தத் தவறைக் கெட்டவுடன் கண்டுபிடிக்க முடியாது. வெப்பநிலைப் பதிவு இருந்தால்தான் மறுநாள் புரியும். மின்தடையின்போது ஜெனரேட்டர் ஃப்ரிட்ஜையும் தாங்குமா, வெறும் விளக்கை மட்டுமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி.

விளம்பரத்தின் தலைப்பிலேயே “எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் பெற்ற கிச்சன்” என்று எழுதியிருக்கிறது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருள் தவறு. கூடத்தின் 14 இலக்க எண் கூடத்தை நடத்துபவருடையது. தொக்கு பாட்டிலில் அச்சாக வேண்டியது அதைத் தயாரிப்பவரின் பெயர், தயாரிக்கும் முகவரி, அவருடைய எண். பதிவு என்பது ஆளுக்கும் இடத்துக்கும் சேர்ந்தது. வீட்டு முகவரியில் பதிவு வைத்திருப்பவர் கூடத்தில் செய்து பாட்டிலில் வீட்டு முகவரியைப் போட்டால் அது பொய் லேபிள். கூடத்து முகவரியில் புதிதாகப் பதிய வேண்டும்; அதற்கு அந்த இடத்தைப் பயன்படுத்த உரிமை உண்டு என்று காட்ட வாடகை ஒப்பந்தமோ உரிமையாளரின் ஒப்புதல் கடிதமோ வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பவருக்கு அந்தக் கடிதம் தருவார்களா? விளம்பரத்தில் பதிலில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டிய முதல் தாள் இதுதான். இது கிடைக்காவிட்டால் மேலே போட்ட எந்தக் கணக்கும் தேவையில்லை.

வேறு வழிகளோடு ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சொந்த வீட்டுச் சமையலறையையே பதிவு செய்ய முடியும். 20 கிலோ செய்கிறவருக்கு அதைவிட மலிவான இடம் எதுவும் இல்லை. அவர் இப்போதே இந்தக் கூடத்துக்கு வருவது அவசரப்பட்ட முடிவு. கருவிகளின் அளவுக்காக மட்டும் தேடுகிறவர், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொழில் ஊக்குவிப்பு மையம் போன்ற இடங்களைப் பார்க்கலாம். அங்கே இயந்திரத்தோடு அதை அறிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சென்னையில் வாரம் ஒரு முறை தொக்கு செய்கிறவருக்குத் தஞ்சாவூர் தொலைவு. தனியாக ஒரு கடை பிடித்து, அடுப்பு, எக்ஸாஸ்ட், தொட்டி போட்டு, மும்முனை மின் இணைப்பு வாங்குவது, மாதத்தில் ஐந்து நாள் மட்டும் சமைக்கிறவருக்குக் கட்டுப்படியாகாது. ஆக, வீட்டுக்குப் பெரியதாகவும் தனிக் கடைக்குச் சிறியதாகவும் இருக்கிற ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. மாதம் 150 முதல் 400 பாட்டில் வரை என்று நான் மதிப்பிடுகிறேன். ஷேர்டு கிச்சன் அந்த இடைவெளிக்கானது. இந்தக் கூடமும் அந்த அளவில் வைத்துத்தான் மதிப்பிடப்பட வேண்டும்.

அந்த அளவில் என் தீர்ப்பு இது. பொடி, சத்துமாவு, சிறுதானிய மாவு செய்கிறவர்கள் இந்தக் கூடத்தை எடுக்கக்கூடாது. பல்வரைசருக்குப் பதிவேடும், ஒவ்வொருவருக்கும் தனிப் பையும் வரும்வரை இதில் மறு பேச்சில்லை. குழந்தை உணவு என்றால் அதற்குப் பிறகும் கூடாது. மதியச் சாப்பாடு செய்கிறவருக்கு ஷிஃப்ட் அமைப்பு ஒத்துவராது. கேக் செய்கிறவர், ஓவன் தன் ஷிஃப்டில் தனக்கு மட்டும் என்று எழுதி வாங்க முடிந்தால் எடுக்கலாம். அடுத்த ஸ்டேஷனில் முறுக்கு பொரிகிற நாட்களில் ஒரே எக்ஸாஸ்ட் எண்ணெய்ப் புகையை இழுக்குமா என்று பார்த்துவிட்டு.

தொக்கு, புளிக்காய்ச்சல் போலச் சூடாகப் பாட்டிலில் அடைக்கும் சரக்கைச் செய்கிறவருக்கு இந்தக் கூடம் தகும். அவர் ஒரு ஷிஃப்டில் 40 கிலோவுக்குக் குறையாமல் இறக்க வேண்டும், உதவிக்கு ஒருவர் வேண்டும், உருளியை எடுத்துப்போய் அடுப்பில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பதிவுக்கான ஒப்புதல் கடிதம், 30 நிமிட ஒப்படைப்பு நேரம், கேஸ் எப்படி அளக்கப்படுகிறது என்பது ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். கேஸை மீட்டர் இல்லாமல் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால், மின்சார ஓவனில் கேக் செய்பவர் தொக்குக்காரரின் எரிவாயுவுக்குப் பணம் கட்டுவார். அந்த ஏற்பாடு இரண்டாவது மாதமே சண்டையில் முடியும்.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, அதை எழுதியவர் ஏமாற்ற நினைத்ததாக எனக்குப் படவில்லை. ஒரு கட்டடத்தை வாடகைக்கு விடுகிறவரின் கண்ணோடு எழுதியிருக்கிறார். மாற்றி எழுதுவதற்கு அவருக்கு அரைப் பக்கம் போதும். “பகலில் மணிக்கு 450, வரியோடு 531. மூன்று பர்னர், ஒவ்வொன்றின் மேலும் இத்தனை அங்குல அகலப் பாத்திரம் நிற்கும். கழுவும் தொட்டி மூன்று, வெந்நீரோடு. இவ்வளவு நீள அகலம். ஷிஃப்டுகளுக்கு இடையே அரைமணி நேரம் நாங்கள் சுத்தம் செய்கிறோம். பல்வரைசர் பதிவேட்டை வருபவர் எவரும் பார்க்கலாம். உங்கள் பெயரில் பதிவு செய்ய ஒப்புதல் கடிதம் தருவோம். இப்போது காலியாக இருப்பது செவ்வாய், வியாழன் காலை 10 முதல் 2.” இப்படி எழுதப்பட்டிருந்தால் மணிக்கு 500 ரூபாய் என்றாலும் தொக்குக்காரரை நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். இப்போது இருக்கிற வடிவத்தில், பகல் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், பிற்பகல் 1.45 மணிக்குப் போய் நின்று, ஒருவர் எப்படி விட்டுப்போகிறார், அடுத்தவர் எப்படித் தொடங்குகிறார் என்று பார்க்காமல், 15,000 ரூபாய் முன்பணத்தைக் கட்ட வேண்டாம் என்றே சொல்வேன்.